யார் ஆட்டினாலும் அதே இட்லி

மாவு ஆட்டும் மாஸ்டர் இரண்டு நாள் ஊருக்குப் போனால் பல சிறிய ஓட்டல்களில் இட்லி கல்லாகிவிடுகிறது. அதே அரிசி, அதே உளுந்து, அதே கிரைண்டர்தான். ஆனால் மாஸ்டரின் கைக்குத் தெரிந்தது எதுவும் தாளில் இல்லை. ‘உளுந்தைப் பதமாக ஆட்டவும், தண்ணீர் தேவையான அளவு’ என்று சுவரில் ஒட்டியிருந்தாலும் புதிதாக வந்தவருக்கு அதனால் பயனில்லை. ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டுமே புரியும் குறிப்பு அது.

முதலில் படி, டம்ளர் கணக்கை விட்டுவிட்டுத் தராசில் நிறுத்து எழுத வேண்டும். ஒருவர் தலைதட்டி அளப்பார், இன்னொருவர் கூம்பாக அளப்பார். இட்லி அரிசி 4 கிலோ, முழு வெள்ளை உளுந்து 1 கிலோ, வெந்தயம் 20 கிராம், கல் உப்பு 100 கிராம் என்று எழுதினால் அந்தக் குழப்பம் இல்லை.

தண்ணீருக்கு மட்டும் இப்படி ஒரே அளவை எழுதிவிட முடியாது. புது உளுந்தும் பழைய உளுந்தும் ஒரே அளவு தண்ணீரை இழுப்பதில்லை. அங்கேதான் அளவோடு அடையாளத்தையும் சேர்த்து எழுத வேண்டும். ‘அரை லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் ஆட்டத் தொடங்கவும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கவும். மொத்தம் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை பிடிக்கும். ஒரு துளி மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டால் கரையாமல் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஆட்டவும்.’ மாவில் காற்று ஏறியதைக் காட்டும் சோதனை இது. கையில் அனுபவம் இல்லாதவரும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். குளிர்ந்த தண்ணீர் ஏன் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்: கிரைண்டர் சூட்டில் மாவு பொங்கும் தன்மையை இழக்கும். காரணம் தெரிந்தால் யாரும் அந்தப் படியைத் தாண்ட மாட்டார்கள்.

புளிக்கவைப்பதிலும் கடிகாரத்தை மட்டும் நம்பக் கூடாது. சித்திரையில் 7 மணி நேரத்தில் பொங்கும் மாவு மார்கழியில் 14 மணி நேரம்கூடக் கேட்கும். அதனால், பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. ஊற்றியதும் மாவின் மட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். அந்த உயரம் ஏறக்குறைய இரண்டு மடங்கானதும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். இரவுக் காவலில் இருப்பவர்கூட இதைச் செய்துவிடலாம்.

எழுதி முடித்த தாளை, மாவே ஆட்டாத ஒருவரிடம் கொடுத்துப் பக்கத்தில் பேசாமல் நில்லுங்கள். அவர் எங்கே கையை நிறுத்தி உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அங்கே தாளில் ஒரு வரி குறைகிறது. வாய்திறந்து சொல்லிக்கொடுத்துவிட்டால் அந்தக் குறை தாளிலேயே தங்கிவிடும். மாஸ்டரிடம் கேட்டு எழுதுவதும் போதாது. அவர் ஆட்டும்போது நின்று பார்த்து எழுதுங்கள். பழகிப்போன கை செய்வதில் பாதியை வாய் சொல்லாது.

தாளின் மூலையில் தேதி போடுங்கள். வேறு கடை அரிசியோ புது உளுந்து மூட்டையோ வந்தால், முதல் ஈட்டிலேயே தண்ணீர்க் கணக்கைச் சரிபார்த்துத் திருத்தி எழுதிவிடுங்கள்.