அட்வான்ஸ் தகராறும் ஒரு கடிதமும்

சென்னையில் மாதம் 15,000 ரூபாய் வாடகை, 1,50,000 அட்வான்ஸ் என்று நான்கு வருடம் குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் 90,000 மட்டும் திருப்பித் தருகிறார். முன்கூட்டிச் சொல்லாமல் காலி செய்ததற்கு ஒரு மாத வாடகை, பெயிண்ட் 30,000, ரிப்பேர் 15,000 என்று மீதி 60,000-க்குக் கணக்கு சொல்கிறார். இந்த இடத்தில்தான் பலரும் வக்கீல் நோட்டீஸ் என்று கிளம்புகிறார்கள். நோட்டீஸைப் பார்த்ததும் வீட்டுக்காரரும் ஒரு வக்கீலைத் தேடுகிறார். அதற்கப்புறம் இருவரும் நேரில் பேசிக்கொள்வது நின்றுபோகிறது.

அதற்கு முன் ஒரு பக்கக் கடிதம் போதும். "இந்தத் தொகையில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. இருவருக்கும் பொதுவான ஒருவர் முன்னால் உட்கார்ந்து பேசலாமா? ஒத்துவராவிட்டால் அவரவர் உரிமை அவரவருக்கு." இவ்வளவுதான். 'ஏமாற்றுகிறீர்கள்' என்ற சொல்லும் 'கேஸ் போடுவேன்' என்ற மிரட்டலும் அதில் வரக்கூடாது. தோதான இரண்டு மூன்று தேதிகளைக் குறிப்பிட்டால், வரலாமா வேண்டாமா என்பதை விட்டு எந்த நாள் என்று யோசிப்பார்.

பொது ஆள் யார் என்பதில்தான் அழைப்பு பெரும்பாலும் முறிகிறது. வீடு பார்த்துக் கொடுத்த புரோக்கர் சரிப்படமாட்டார். நாளைக்கும் அவருக்கு அந்த வீட்டுக்காரர் வேண்டும். குடியிருந்தவரின் மாமாவும் அப்படித்தான். யாரும் ஒத்துவராவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு, வழக்கு தொடுக்கும் முன் சமரசம் வேண்டும் என்று மனு எழுதிக் கொடுக்கலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. எதிர்த்தரப்புக்கு அவர்களே அழைப்பு அனுப்புவார்கள்.

சமரசம் செய்பவர் தீர்ப்புச் சொல்லமாட்டார். இருவரிடமும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பேசுவார். நம் கணக்கில், முன்கூட்டிச் சொல்லாததற்கான 15,000-ஐக் குடியிருந்தவர் ஒப்புக்கொள்கிறார். ரிப்பேருக்கு வீட்டுக்காரரிடம் பில் இருப்பது 8,000-க்குத்தான். நான்கு வருடத்தில் சுவர் மங்கத்தானே செய்யும். பெயிண்ட் 10,000-இல் நிற்கிறது. ஆக 33,000 போக 27,000 திரும்பி வருகிறது. முழு வெற்றி யாருக்கும் இல்லை.

பேசி முடித்ததை எழுதி, தொகையும் தேதியும் போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். தெரிந்தவர் முன்னால் எழுதியது வெறும் ஒப்பந்தம். மீறினால் மறுபடி கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதையே லோக் அதாலத்தில் பதிந்தால் கோர்ட் தீர்ப்பின் பலம் உண்டு. அதன்மேல் அப்பீல் கிடையாது என்பதால் கையெழுத்துக்கு முன் நிதானமாகப் படிக்க வேண்டும்.

வரமாட்டேன் என்பவரை இழுத்து வர வழியில்லை. பாக்கிப் பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருடக் கெடு என்பதால், 'அடுத்த வாரம் பேசலாம்' என்றே ஒருவர் தள்ளிக்கொண்டு போனால் உஷாராகிவிட வேண்டும். குடியிருக்கும்போதே தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் கடிதமெல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி அதற்கென உள்ள வாடகை அதிகாரியிடம் உடனே மனு கொடுக்கலாம்.