மறைந்திருக்கும் ஷீட்டுக்கு மூன்று நிமிடம்

2023 ஆகஸ்டில் வடக்கு அயர்லாந்துக் காவல்துறைக்குத் தகவல் கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தது. எந்தப் பதவியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பதிலாகப் போன எக்ஸெல் கோப்பில் எண்ணிக்கை இருந்தது. அதைக் கணக்கிட எடுத்த மூலப் பட்டியலும் மறைக்கப்பட்ட ஒரு ஷீட்டில் இருந்தது. 9,483 பேரின் குடும்பப் பெயர், பதவி, பணியிடம் எல்லாம் அதில். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அது இணையத்தில் கிடந்தது. போலீஸ் வேலையில் இருப்பதை அக்கம்பக்கத்தாரிடம்கூடப் பலர் சொல்லிக்கொள்ளாத ஊர் அது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 7,50,000 பவுண்டு அபராதம் விதித்தது.

அலுவலக ஊழியர்களுக்கான மூன்று நிமிடப் பாடங்கள் இப்படிப்பட்ட ஒரே ஒரு கைவேலையை எடுத்துக்கொள்ளும்போதுதான் பயன் தருகின்றன. ‘தரவுப் பாதுகாப்பு என்றால் என்ன’ என்று தொடங்கும் பாடம் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். ஊழியர் ‘அடுத்து’ பொத்தானைத் தட்டிக்கொண்டே போவார்.

இந்தச் சம்பவத்தை வைத்து ஒரு பாடம் அமைப்போம். முதல் அரை நிமிடம் நடந்த கதை. அடுத்த ஒரு நிமிடம் செய்முறை: கீழே ஷீட்டின் பெயர் மேல் வலது கிளிக் செய்தால் Unhide என்று வரும். அது மங்கலாக இருந்தால் அந்த வழியில் வெளிக்கொண்டுவர எந்த ஷீட்டும் இல்லை. தெளிவாக இருந்தால் ஏதோ ஒளிந்திருக்கிறது. மீதி நேரம் பயிற்சி. கற்பனையான சம்பளக் கோப்பு ஒன்றைக் கொடுத்து, ‘ஆடிட்டருக்கு அனுப்பலாமா?’ என்று கேட்க வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. சரியான விடையை ஊகித்துவிடலாம்; மறைந்த ஷீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து இன்னொரு கோப்பு வர வேண்டும். இந்த முறை மறைந்திருப்பது ஷீட் அல்ல, ஒரு நெடுவரிசை. மேலே எழுத்துகள் C-க்கு அடுத்து E என்று தாவியிருக்கும். முதல் பாடத்தில் தேறியவர் இங்கே கோட்டைவிட்டால், அவர் Unhide எங்கே இருக்கிறது என்பதை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

இதற்கும் எல்லை உண்டு. Unhide பட்டியலிலேயே தெரியாதபடி நிரல் மூலம் ஷீட்டை மறைக்க முடியும். பிவட் டேபிள் தன் மூலத் தரவைக் கோப்புக்குள்ளேயே சுமந்து திரியலாம். இவற்றையெல்லாம் ஊழியர் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பெரிய அபராதம் நிறுவனத்தின் தலையில்தான் விழும்: இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடமிருக்கிறது. எனவே வெளியே போகும் பட்டியல் எதையும் மூலக் கோப்பாக அனுப்பாமல், தேவையான எண்களை மட்டும் சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்து அனுப்பும் வழக்கத்தை அலுவலகமே கொண்டுவர வேண்டும். சி.எஸ்.வி.யில் ஒரே ஒரு ஷீட்டுக்குத்தான் இடம். ஆனால் அந்த ஷீட்டில் மறைத்து வைத்த நெடுவரிசைகளும் கூடவே போய்விடும் என்பதால், அனுப்பும் முன் நோட்பேடில் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். அதற்கு இன்னொரு மூன்று நிமிடப் பாடம் தேவைப்படும்.