பழைய 87, புதிய B-303

'உங்கள் அறை எண்தான் மாறுகிறது, அறை மாறவில்லை.' ஹாஸ்டல் வார்டன் மாணவர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலில் முதல் வரி இதுவாக இருந்தால் நல்லது. 'புதிய எண் முறை அமலுக்கு வருகிறது' என்று மட்டும் எழுதிவிட்டால், பெட்டியைக் கட்ட வேண்டுமா என்று கேட்டு ஆபீஸ் வாசலில் கூட்டம் கூடிவிடும்.

எண்ணை ஏன் மாற்ற வேண்டும்? மூன்று பிளாக் உள்ள ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் தரைத்தளமும் அதற்கு மேல் மூன்று மாடிகளும். தளத்துக்குப் பன்னிரண்டு அறைகள். 1 முதல் 144 வரை தொடர்ச்சியாக எண் போட்டிருக்கிறார்கள். நள்ளிரவில் 87-ஆம் அறையில் ஒருவருக்குக் கடும் வயிற்றுவலி. 108 ஆம்புலன்ஸில் வந்தவருக்கு 87 என்ற எண் எந்தக் கட்டடம், எந்த மாடி என்று எதையும் சொல்லாது. வாட்ச்மேனை எழுப்பித்தான் கேட்க வேண்டும்.

புதிய முறையில் அந்த அறையைக் கண்டுபிடிப்போம். ஒரு பிளாக்குக்கு 48 அறைகள். 87-இல் A பிளாக்கின் 48 போனால் 39. ஆக, அது B பிளாக்கின் 39-ஆவது அறை. தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி மூன்றுக்கும் சேர்த்து 36 போனால் மிச்சம் 3. மூன்றாம் மாடியில் மூன்றாவது அறை: B-303. கதவில் இதைப் பார்த்தவர் யாரையும் கேட்காமல் படியேறலாம்.

நடுவில் இருக்கும் பூஜ்யம் அலங்காரத்துக்கு அல்ல. அதை விட்டு B12 என்று எழுதினால், தரைத்தளத்தில் பன்னிரண்டாம் அறையா, முதல் மாடியில் இரண்டாம் அறையா? முன்னது B-012, பின்னது B-102. தரைத்தளத்தை 0 என்று எண்ணுகிறோம் என்பதையும் மின்னஞ்சலில் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் தரைத்தளமே முதல் தளம். அந்தக் கணக்கில் பழகிய மாணவர் ஒரு மாடி தவறாக ஏறிவிடுவார்.

பிளாக் எழுத்து முதலில் வருவதற்கும் ஒரு காரணம் உண்டு. 012 என்று வெறும் எண்ணை எக்செலில் தட்டினால் முன்னாலிருக்கும் பூஜ்யத்தை அது விழுங்கிவிடும். B-012 என்றால் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். மெஸ் பில் பட்டியல் போடுகிறவருக்கு இது பெரிய நிம்மதி. கூடுதல் பிளாக் கட்டும்போது I, O இரண்டையும் தவிர்த்துவிடலாம். அவை 1, 0 போலத் தெரியும். B-யே கையெழுத்தில் 8 ஆகிவிடுகிறது, அதனால் நடுவில் கோடு கட்டாயம்.

விளக்கம் எத்தனை நீண்டாலும் மாணவர் தேடுவது தன் அறையைத்தான். பழைய எண்ணும் புதிய எண்ணும் அருகருகே உள்ள பட்டியலை மின்னஞ்சலோடு இணைத்து, கதவுகளிலும் இந்த செமஸ்டர் முடியும் வரை பழையதைச் சின்னதாக விட்டுவைக்க வேண்டும். ஊரிலிருந்து வரும் பார்சலில் இன்னும் 87 என்றுதான் எழுதியிருக்கும்.