ஜெனரேட்டர் நோட்டும் கரண்ட் கட் நோட்டும்: எக்செலில் ஒப்பிட்டு சர்வீசும் டீசலும் திட்டமிடுவது எப்படி?

2012ஆம் ஆண்டை திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் யூனிட் 2013 அக்டோபரில்தான் மின்கட்டமைப்போடு இணைந்தது. அதுவரை அந்த ஊரைச் சுற்றியிருந்த கிளினிக்குகளும் கடைகளும் ஐஸ் கம்பெனிகளும் டீசல் ஜெனரேட்டரை நம்பித்தான் ஓடின. இன்று அந்த அளவுக்குக் கரண்ட் கட் இல்லை. ஆனால் ஜெனரேட்டர் இன்னும் கொட்டகையில் நிற்கிறது. பராமரிப்புக்காக மின்தடை செய்யும் நாளிலும், மழைக்காலத்திலும் அதுதான் கைகொடுக்கிறது.

பெரும்பாலான இடங்களில் இதற்கு இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்றில் கரண்ட் போன நேரமும் வந்த நேரமும் இருக்கும். இன்னொன்றில் ஜெனரேட்டர் போட்ட நேரம், நிறுத்திய நேரம், ஹவர் மீட்டர் ரீடிங் ஆகியவை இருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், டீசல் எங்கே வீணாகிறது, சர்வீஸ் எப்போது வேண்டும், கையிருப்பு எவ்வளவு வேண்டும் என்ற மூன்றுக்கும் பதில் கிடைக்கும். எக்செலில் நான்கு காலம் டைப் செய்யத் தெரிந்தால் போதும்.

முதலில் சரியான நேரம்

ஒப்பிடுவதற்கு முன், கரண்ட் எப்போது திரும்பி வந்தது என்பது உண்மையாகத் தெரிய வேண்டும். இதற்கு யுபிஎஸ்சின் பதிவை நம்பக் கூடாது. யுபிஎஸ் பொதுவாக சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்குப் பிறகுதான் இருக்கும். ஜெனரேட்டர் கரண்ட் வந்ததும், மெயின் கரண்ட் வந்துவிட்டதாகவே அது எழுதிக்கொள்ளும். எட்டு மணி நேர மின்தடை, யுபிஎஸ் கணக்கில் மூன்று நிமிடமாகத் தெரியும்.

இதற்கு எளிய வழி, ஒரு பழைய லேப்டாப். எலக்ட்ரீஷியனைக் கொண்டு, சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்கு முன்னால், மின்வாரிய லைனில் மட்டும் இருக்கும்படி ஒரு பிளக் பாயின்ட் போட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் சார்ஜரை அதில் மாட்டி, ஸ்லீப் ஆகாதபடி செட்டிங்கை மாற்றி விடுங்கள். சார்ஜருக்குக் கரண்ட் போனாலும் வந்தாலும் விண்டோஸ் அதைப் பதிவு செய்யும். Event Viewer திறந்து, Windows Logs, System என்று சென்று, Filter Current Log கிளிக் செய்து, 105 என்று டைப் செய்யுங்கள். Source என்ற இடத்தில் Kernel-Power என்று உள்ள வரிகள்தான் நமக்குத் தேவை. ஒரு முறை பிளக்கைப் பிடுங்கி மாட்டிப் பார்த்து, உங்கள் லேப்டாப்பில் பதிவாகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட மின்தடையில் லேப்டாப்பின் பேட்டரியே தீர்ந்துவிட்டால் கரண்ட் வந்த நேரம் பதிவாகாது. அதனால் நோட்டையும் விட்டுவிட வேண்டாம்.

ஜெனரேட்டர் பக்கம் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஹவர் மீட்டரில் கடைசி இலக்கம் பெரும்பாலும் மணியின் பத்தில் ஒரு பங்கு. அதாவது 1.5 என்றால் ஒரு மணி 30 நிமிடம். ஒரு மணி ஐந்து நிமிடம் அல்ல. அடுத்து, சில மீட்டர்கள் இன்ஜின் ஓடாவிட்டாலும் சாவி ஆனில் இருந்தாலே ஓடும். நோட்டில் எழுதிய நேரத்தைவிட மீட்டர் நிறைய கூடியிருந்தால், யாரோ சாவியை ஆஃப் செய்யாமல் விட்டிருக்கிறார்கள், அல்லது நோட்டில் எழுதாமல் ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எக்செல் ஷீட்

A காலத்தில் கரண்ட் போன நேரம், B காலத்தில் வந்த நேரம், C காலத்தில் ஜெனரேட்டர் போட்ட நேரம், D காலத்தில் நிறுத்திய நேரம். நான்கிலும் தேதியையும் சேர்த்தே டைப் செய்யுங்கள். அப்போதுதான் நள்ளிரவைத் தாண்டும் மின்தடையிலும் கணக்கு சரியாக வரும். டைப் செய்தது செல்லின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டால், எக்செல் அதை நேரமாக எடுத்துக்கொள்ளவில்லை. வெறும் எழுத்தாக வைத்திருக்கிறது. தேதியின் வடிவத்தை மாற்றி மறுபடி டைப் செய்யுங்கள்.

இப்போது E2, F2, G2, H2 செல்களில் வரிசையாக இந்த நான்கு ஃபார்முலாக்களைக் கொடுங்கள்.

```
=MAX(0,MIN(B2+0,D2+0)-MAX(A2,C2))*24
=(B2-A2)*24-E2
=(D2-C2)*24-E2
=IF(AND(A2>0,C2>0),(C2-A2)*1440,"")
```

எக்செல் ஒரு நாளை 1 என்று கணக்கிடுவதால், 24ஆல் பெருக்கினால் மணியும், 1440ஆல் பெருக்கினால் நிமிடமும் கிடைக்கும். நான்கு செல்களின் ஃபார்மட்டையும் Number என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

E என்பது கரண்டும் இல்லாமல் ஜெனரேட்டரும் ஓடிய நேரம். F என்பது கரண்ட் இல்லை, ஜெனரேட்டரும் ஓடவில்லை என்ற இருட்டு நேரம். G என்பது கரண்ட் இருந்தும், அல்லது இருந்ததாகப் பதிவாகியும், ஜெனரேட்டர் ஓடிய நேரம். H, கரண்ட் போய் எத்தனை நிமிடத்தில் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆனது என்பது. ஜெனரேட்டர் போடவில்லை என்றால் C, D செல்களைக் காலியாக விடுங்கள். மின்தடை இல்லாமல் டெஸ்டுக்காக ஓட்டினால் A, B காலி. இரண்டு வகையிலும் ஃபார்முலா சரியாக வேலை செய்யும். ஒரே மின்தடையில் நடுவே ஜெனரேட்டருக்கு ஓய்வு கொடுத்திருந்தால், அது நின்ற நேரத்தில் மின்தடையை இரண்டு வரியாகப் பிரித்து எழுதுங்கள்.

ஒரு மாதக் கணக்கு

ஓர் உதாரணம் பார்ப்போம். கூடங்குளம் பக்கம் பத்துப் படுக்கை கொண்ட ஒரு கிளினிக், 25 கேவிஏ ஜெனரேட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் மாதத்தில் மின்தடை மொத்தம் 26 மணி நேரம். ஜெனரேட்டர் ஓடியது 31 மணி நேரம். ஐந்து மணி நேரம்தானே அதிகம் என்று தோன்றும். ஆனால் ஷீட்டில் கூட்டிப் பார்த்தால் E 22.5, F 3.5, G 8.5 என்று வருகிறது. அதாவது அதிகப்படியாக ஓடியது ஐந்து அல்ல, எட்டரை மணி. அதே நேரம் மூன்றரை மணி நேரம் இருட்டிலும் இருந்திருக்கிறார்கள். மொத்தங்களை மட்டும் கழித்தால் ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும்.

G காலத்தின் எட்டரை மணியை வரி வரியாகப் பார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை 15 நிமிட டெஸ்ட் ஓட்டம், நான்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம். இரண்டு மாலைகளில் ஒரு பேஸ் போய்விட்டதால் ஓட்டியது நாலரை மணி. லேப்டாப் மாட்டியிருந்த பேஸில் கரண்ட் இருந்ததால் அது மின்தடையாகப் பதிவாகவில்லை. இந்த ஐந்தரை மணியும் நியாயமானது. மீதி மூன்று மணி, கரண்ட் வந்தது தெரியாமல் ஓடியது.

அந்த மாதம் டேங்கை அதே அடையாளக் கோடு வரை நிரப்ப 102.3 லிட்டர் பிடித்தது. அதை 31ஆல் வகுத்தால் மணிக்கு 3.3 லிட்டர். பாதி லோடில் ஓடும் 25 கேவிஏ ஜெனரேட்டருக்கு இது இயல்பான அளவுதான். வீணான மூன்று மணிக்கு 9.9 லிட்டர். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 911 ரூபாய். சேஞ்ச்ஓவருக்கு முன்னால், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு இண்டிகேட்டர் பல்பு போட்டால் இந்தச் செலவு நின்றுவிடும்.

அடுத்த மாதம் இந்த 3.3 என்பது 4 ஆகிவிட்டால் முதலில் லோடைப் பாருங்கள். புதிதாக ஏசி மாட்டியிருக்கலாம். லோடு மாறவில்லை என்றால் ஏர் ஃபில்டர் அடைப்பு, இன்ஜெக்டர் கோளாறு, டீசல் கசிவு, அல்லது டீசல் திருட்டு.

சர்வீஸ் எப்போது?

இந்த அளவு ஜெனரேட்டர்கள் பலவற்றில் ஆயில், ஃபில்டர் மாற்ற இரண்டு கெடு இருக்கும்: இத்தனை மணி நேரம் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது. உங்கள் ஜெனரேட்டரின் கையேட்டில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் 300 மணி அல்லது 6 மாதம்.

கடைசி சர்வீஸ் ஜனவரி 10, அப்போது மீட்டர் 1412.0. ஏப்ரல் முடிவில் 1523.6. ஓடியது 111.6 மணி, மீதி 188.4 மணி. மாதம் 31 மணி என்றால் இன்னும் ஆறு மாதம் ஓடலாம், அதாவது அக்டோபர் கடைசி வரை. ஆனால் ஆறு மாதக் கெடு ஜூலை 10லேயே வந்துவிடுகிறது. மீட்டரை மட்டும் பார்ப்பவர், பழைய ஆயிலோடு வடகிழக்குப் பருவமழைக்குள் நுழைவார். 2012இல் நிலைமை தலைகீழ். தினம் பத்து மணி நேரம் ஓடினால் 300 மணி என்பது முப்பதே நாள். அப்போது காலண்டரை மட்டும் பார்த்தவர்களின் இன்ஜின்கள்தான் பாதிக்கப்பட்டிருக்கும்.

H காலம் இன்னொரு எச்சரிக்கை தரும். வழக்கமாக 3 நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனது 6, 10 என்று ஏறிக்கொண்டே போனால், ஆள் தாமதமா அல்லது பேட்டரி தளர்ந்துவிட்டதா என்று உடனே பாருங்கள். சர்வீஸ் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

டீசல் எவ்வளவு?

மாதச் சராசரியை வைத்து டீசல் வாங்கினால் சாதாரண நாட்களுக்குச் சரி. மோசமான நாட்களுக்குப் போதாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்தது. பல ஊர்களுக்குக் கரண்ட் வரப் பல நாட்கள் ஆயின. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளத்தில் கரண்டும் போனது, சாலையும் துண்டிக்கப்பட்டது. பணம் இருந்தும் பங்க் வரை போக முடியாத நிலை.

எனவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: வெளியே போக முடியாமல் எத்தனை நாள் தாங்க வேண்டும்? மூன்று நாள் என்றால் 3.3 × 24 × 3, சுமார் 238 லிட்டர். தடுப்பூசி ஃபிரிட்ஜ், பிரசவ அறை, சில விளக்குகள் மட்டும் ஓட்டினால் குறையும். ஆனால் லோடு பாதியானால் டீசலும் பாதியாகாது. இன்ஜின் தன்னைச் சுழற்றவே கொஞ்சம் எரிக்கும். ஒரு நாள் அப்படி ஓட்டிப் பார்த்து அளந்துகொள்ளுங்கள். நீண்ட நேரம் மிகக் குறைந்த லோடில் ஓட்டினால் எரியாத டீசலும் கரியும் புகைக்குழாயில் படியும். அதையும் மனதில் வையுங்கள்.

இந்த 238 லிட்டரை ஆண்டு முழுவதும் வைத்திருக்க வேண்டியதில்லை. மாதம் நூறு லிட்டர்தான் செலவு. பழைய டீசலில் ஈரம் சேரும், கடற்கரைக் காற்றில் இன்னும் சீக்கிரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை முழுக் கையிருப்பு, மற்ற மாதங்களில் ஒரு நாள் கையிருப்பான 80 லிட்டர் என்று வைத்து, அந்த அளவைத் தொட்டதும் ஆர்டர் கொடுத்தால் போதும். பழையதை முதலில் ஊற்றி, புதியதைப் பின்னால் வையுங்கள். மொத்தம் 2500 லிட்டருக்குள், ஒவ்வொரு கலனும் 1000 லிட்டருக்குள் இருந்தால் டீசல் வைக்க லைசென்ஸ் தேவையில்லை. ஆனாலும் ஜெனரேட்டர் அறைக்குள் கேன்களை அடுக்காதீர்கள்.

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி E, F, G மொத்தங்களைப் பாருங்கள். E, G இரண்டையும் கூட்டினால் ஹவர் மீட்டர் கூடிய அளவோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், டீசல் ஆர்டர் போடுவதற்கு முன் அது ஏன் என்று கண்டுபிடித்துவிடுங்கள்.