திரையில் பச்சை, அறையில் புழுக்கம்

ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாடிக்கு இரண்டு ஏ.எச்.யூ., அதாவது குளிர்ந்த நீர் ஓடும் குழாய்களின் மீது காற்றை ஊதிக் கூடங்களுக்கு அனுப்பும் பெரிய பெட்டிகள். தனி அறைகளுக்கு மாடிக்கு 22 சிறிய ஏசி யூனிட்கள். இவை எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்த்து இயக்குவதுதான் பி.எம்.எஸ். அந்தத் திரையில் எது தெரியும், எது தெரியாது என்பதை ஒயர் இழுப்பதற்கு முன்பே தீர்மானிப்பது ‘பாயின்ட் ஷெட்யூல்’ என்ற பட்டியல்.

பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு தகவல் அல்லது ஒரு கட்டளை. ஒரு ஏ.எச்.யூ.வுக்கு அதை எழுதிப் பார்க்கலாம். அளவாக வரும் தகவல்கள் மூன்று: வெளியேறும் காற்றின் வெப்பம், திரும்பி வரும் காற்றின் வெப்பம், கார்பன் டை ஆக்சைடு. ‘ஆம், இல்லை’ என்று வருபவை நான்கு: ஃபேன் ஓடுகிறதா, மோட்டார் டிரிப் ஆகிவிட்டதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, பேனல் சுவிட்ச் ஆட்டோவில் இருக்கிறதா. போகும் கட்டளைகள் மூன்று: ஃபேனை ஓட்டு, குளிர்நீர் வால்வை இவ்வளவு திற, வெளிக்காற்று டேம்பரை இவ்வளவு திற. ஆக 10 பாயின்ட், 12 ஏ.எச்.யூ.வுக்கு 120.

இதில் ‘ஃபேன் ஓடுகிறதா’ என்ற வரிதான் பலரை ஏமாற்றும். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கான்டாக்டரிலிருந்தே அந்தத் தகவலை எடுப்பது மலிவு. ஆனால் பெல்ட் அறுந்தால் மோட்டார் சுற்றும், ஃபேன் நிற்கும், கான்டாக்டரோ மூடியே இருக்கும். திரையில் பச்சை, அறையில் புழுக்கம். மோட்டார் ஒயரில் கரன்ட் ரிலே மாட்டினால், பெல்ட் போனதும் சுமை குறைந்து மின்னோட்டம் இறங்குவதை அது கண்டுபிடித்துவிடும். அல்லது ஃபேனுக்கு முன்னும் பின்னும் உள்ள காற்றழுத்த வித்தியாசத்தை ஒரு சுவிட்ச் பார்க்கலாம். எனவே ‘ஃபேன் நிலை’ என்று மட்டும் எழுதினால் போதாது. எங்கிருந்து, எந்தக் கருவியால் என்பதும் அந்த வரியில் இருக்க வேண்டும்.

அடுத்தது இந்தத் தகவல்கள் போகும் வழி. முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியின் கன்ட்ரோலரும் தனி மொழி பேசியது. அதைத் தீர்க்க ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 1987இல் தொடங்கிய வேலை, 1995இல் பாக்நெட் என்ற பொது விதிமுறையாக வந்தது. நம் கட்டடத்தில் மாடிக்கு 24 கன்ட்ரோலர்கள். அவற்றை முறுக்கிய இரட்டை ஒயர் ஒன்று வரிசையாகத் தொட்டுச் செல்லும். பேசும் உரிமை பந்தி வரிசைபோல ஒருவர் விடாமல் கைமாறி வரும். மாடிக்கு ஒரு ரௌட்டர், அந்த ஒயரைக் கட்டடத்தின் ஈதர்நெட்டோடு சேர்க்கும்.

ஒயரில் ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் 0 முதல் 127 வரை ஒரு முகவரி. மூன்றாம் மாடியில் 12 இருந்தால் ஐந்தாம் மாடியிலும் 12 இருக்கலாம். ஆனால் ‘டிவைஸ் இன்ஸ்டன்ஸ்’ என்ற இன்னொரு எண் கட்டடம் முழுவதிலும் ஒருமுறைதான் வரலாம். மூன்றாம் மாடி புரோகிராமை ஐந்தாம் மாடிக்கு அப்படியே காப்பி செய்யும்போது இந்த எண்ணும் கூடவே போய்விடும். பிறகு கணினி ஒருவரைக் கூப்பிட்டால் இருவர் பதில் சொல்வார்கள். ஓர் அறையின் வெப்பம் காரணமில்லாமல் 23க்கும் 27க்கும் தாவினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மாடி எண்ணையும் முகவரியையும் சேர்த்து 3012, 5012 என்று பட்டியலிலேயே எழுதிவிட்டால் குழப்பம் வராது.

இன்னொரு கோளாறு ஈதர்நெட் பக்கம் வரும். ரௌட்டருக்கு பிங் போகிறது. ஆனால் தேடினால் அதன் பின்னாலுள்ள கன்ட்ரோலர் ஒன்றுகூடத் தென்படாது. பாக்நெட் தன் கருவிகளை எல்லோரையும் பார்த்துக் கூவித்தான் தேடுகிறது. ஐ.டி. துறை நெட்வொர்க்கைத் துண்டுகளாகப் பிரித்திருந்தால் அந்தக் கூவல் அடுத்த துண்டுக்குப் போகாது. கூவலைக் கடத்திவிட, துண்டுக்கு ஒன்றாக, ‘பி.பி.எம்.டி.’ என்ற ஏற்பாடு வேண்டும். ஆறு மாடிக்கு அதைவிட எளிது, ஆறு ரௌட்டர்களையும் பி.எம்.எஸ். கணினியையும் ஒரே வி.லேனில் வைப்பது.

கட்டடத்தை ஒப்படைக்கும் நாளில் திரையைக் காட்டினால் போதும் என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். ஷெட்யூலைக் கையில் வைத்துக்கொண்டு கருவி இருக்கும் இடத்திலிருந்து சோதியுங்கள். ஃபில்டரை அட்டையால் மூடினால் எச்சரிக்கை வருகிறதா? பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் சிவப்பு வருகிறதா? ஒரு கன்ட்ரோலரின் மின்சாரத்தை நிறுத்தினால், அந்த அறை மட்டும்தான் திரையிலிருந்து போகிறதா? இப்படித் தேறிய வரிக்கு மட்டும் கையெழுத்துப் போடலாம்.