ஒரே டீலருக்கு நான்கு பெயர்

கோவைப் பக்கம் பம்ப்செட் தயாரிக்கும் நடுத்தரக் கம்பெனி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். முந்நூறு பேர் வேலை பார்க்கிறார்கள். கணக்குக்கு டேலி, விற்பனைக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த மென்பொருள், சர்வீஸுக்கு எக்செல். ஆர்டர் வாட்ஸப்பில் வருகிறது. பாக்கி வைத்திருக்கும் டீலருக்கு டேலியில் கடன் வரம்பு போட்டிருக்கிறார்கள். ஆனால் அது விற்பனை மென்பொருளுக்குத் தெரியாததால் சரக்கு லாரி ஏறிவிடுகிறது. "பேசாம ஒரு ஈஆர்பி வாங்கிடலாமா?" என்கிறார் முதலாளி.

அதற்குப் பதில் சொல்லும் முன் பார்க்க வேண்டியதைத்தான் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்கிறார்கள். எந்த வேலையை எந்த மென்பொருள் செய்கிறது, எந்தத் தகவல் எங்கே இருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்பதையெல்லாம் ஒரே இடத்தில் வரைந்து வைத்து, அதைப் பார்த்து முடிவெடுக்கும் வழக்கம் இது. 1987-ல் ஜான் ஸாக்மன் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்விதழில் எழுதிய கட்டுரைதான் இதற்குப் பெரிய தொடக்கம்.

ஒரு நிறுவனம் இதில் எவ்வளவு தேறியிருக்கிறது என்று அளக்கப் பல அளவுகோல்கள் உண்டு. அமெரிக்க வணிகத் துறை உருவாக்கிய ஒன்றில் ஒன்பது அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். 0 என்றால் ஒன்றுமே இல்லை. ஆளுக்கொரு விதமாக நடந்தால் 1, எழுத ஆரம்பித்திருந்தால் 2, எழுதியபடி நடந்தால் 3. அதற்கு மேல், தாங்கள் செய்வதை அளந்து திருத்திக்கொள்பவர்களுக்கு.

கேள்வித்தாளை மட்டும் கொடுத்தால் ஐடி மேனேஜர் தாராளமாக 3 போடுவார். அவர் பொய் சொல்லவில்லை, வரைபடம் நிஜமாகவே இருக்கிறது. அதைக் கடைசியாகத் திருத்திய தேதி என்ன, போன வருடம் அதைப் பார்த்து எந்த முடிவு மாறியது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அது 1தான். ஒன்பது மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி எடுப்பதும் வீண். பாதுகாப்பில் 3, மென்பொருள் வாங்கும் முறையில் 0 என்பதுதான் செய்தி. சராசரி அதை மறைத்துவிடும்.

இதைவிட எனக்கு நம்பிக்கையான வழி, ஒரே ஒரு ஆர்டரின் பின்னாலேயே போவது. நம் கம்பெனியில் பொள்ளாச்சி டீலர் ஒருவர் டேலியில் 'ஸ்ரீ முருகன் ஏஜென்சி', விற்பனையில் 'டி-117', சர்வீஸ் எக்செலில் 'முருகன் பொள்ளாச்சி', வாட்ஸப்பில் வெறும் போன் நம்பர். பெயரை ஒவ்வொரு மேஜையிலும் புதிதாக டைப் அடிக்கிறார்கள். கடன் வரம்பு வேலை செய்யாததன் காரணம் இதுதான். இந்தப் பட்டியலை அப்படியே ஈஆர்பிக்கு மாற்றினால் நான்கு பேரும் அங்கேயும் குடியேறுவார்கள்.

ஆகவே முதல் வேலை டீலர் பட்டியல். மூன்று இடத்திலிருந்தும் பட்டியலை எக்செலில் இறக்கி, ஜிஎஸ்டி எண்ணை வைத்துப் பொருத்த வேண்டும். பதினைந்து இடங்கள் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும் (தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32), அடுத்த பத்து பான் எண். பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் கடை வைத்திருப்பவருக்கு ஜிஎஸ்டி எண் இரண்டு, பான் ஒன்று. கடன் வரம்பைப் பான் அளவில் வைத்தால்தான் அவர் ஒரு கடையில் பாக்கி வைத்துவிட்டு இன்னொன்றில் வாங்க முடியாது. ஜிஎஸ்டி எண் இல்லாத சின்னக் கடைகள் மிஞ்சும். அவற்றை விற்பனை ஆட்கள் போன் போட்டுத்தான் சரிபார்க்க வேண்டும். விவசாயிகளை இந்த வழியில் பிடிக்க முடியாது, சர்வீஸுக்குப் பம்பின் சீரியல் எண்ணே ஆதாரம்.

பரிவர்த்தனை உள்ள லெட்ஜரை டேலியில் நீக்க முடியாது என்பதால், பாக்கியை ஜர்னல் போட்டு ஒரே கணக்குக்கு மாற்ற வேண்டும். புது நிதியாண்டு பிறக்கும் ஏப்ரல் 1 அதற்குத் தோதான நாள். அதன் பிறகு புது டீலர் கணக்கைத் திறக்கும் உரிமை கணக்குப் பிரிவுக்கு மட்டும். விற்பனைப் பிரிவு முணுமுணுக்கும். முதலாளி ஒரு தடவை உறுதியாகச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது வேலை, எல்லா மென்பொருளுக்கும் ஒரே தாள். பெயர், எந்த வேலைக்கு, பொறுப்பாளர், புதுப்பிக்கும் தேதி, பழுதானால் சரிசெய்யத் தெரிந்தவர். கடைசிக் கட்டத்தில் விற்பனை மென்பொருளுக்கு நேரே ஒரே ஒரு பெயர்தான் இருக்கும், அவரும் கம்பெனி ஆள் இல்லை. இப்படிப்பட்ட ஒரு வரிக்காகவே இந்தத் தாளைப் போடலாம். இனி மென்பொருள் வாங்குமுன் இந்தத் தாளைப் பார்த்துத்தான் கையெழுத்து என்று வைத்துக்கொண்டால், 0 இருந்த இடம் 2 ஆகும்.

இதற்குத் தனிக் குழுவோ விலை உயர்ந்த வரைபட மென்பொருளோ வேண்டாம். ஒன்பதிலும் 5 எடுப்பது இந்த அளவுக் கம்பெனிக்குத் தேவையும் இல்லை. ஆறு மாதம் கழித்து, வரம்பைத் தாண்டிய டீலருக்குப் போன லாரிகளை எண்ணிப் பார்க்கட்டும். அந்த எண்ணிக்கை குறைந்த பிறகு ஈஆர்பி கம்பெனிகளை விலைப்புள்ளி கேட்டுக் கூப்பிடலாம்.