புரொஜக்டருக்கு ஒரே வயது கிடையாது

மூடிக்கிடக்கும் தியேட்டர்களிலிருந்து இறக்கப்படும் 35 எம்.எம். புரொஜக்டர்கள் பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. தப்பிப் பிழைப்பவை ஹோட்டல் வரவேற்பறைகளிலும் பண்ணை வீடுகளிலும் அலங்காரமாக நிற்கின்றன. வாங்குகிறவர்கள் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள்: இது எந்த வருஷத்து மிஷின்? திரும்ப ஓட வைக்கலாமா? இரண்டுக்கும் பதில் மிஷினிலேயே இருக்கிறது. ஆனால் மொத்த மிஷினையும் ஒன்றாகப் பார்த்தால் அது கிடைக்காது.

தியேட்டர் புரொஜக்டர் என்பது நான்கு தனித்தனிப் பொருள்களின் சேர்க்கை. பிலிமை இழுத்து நிறுத்தும் ஹெட் மேலே இருக்கும். அதன் அடியில் ஒலியைப் படிக்கும் சவுண்ட் ஹெட், பின்னால் வெளிச்சத்துக்கான லேம்ப் ஹவுஸ், எல்லாவற்றையும் தாங்க ஒரு ஸ்டாண்ட். நான்கும் வெவ்வேறு கம்பெனிகளில், வெவ்வேறு பத்தாண்டுகளில் செய்யப்பட்டவையாக இருப்பது வெகு சாதாரணம். புதுத் தொழில்நுட்பம் வந்தபோதெல்லாம் முதலாளிகள் தேவையான பாகத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். அதனால் பெயர்ப் பலகையில் இருக்கும் பெயரை வைத்து முழு மிஷினுக்கும் வயது சொல்வது தவறு.

டெல்டா பக்கம் ஒரு சிற்றூர்த் தியேட்டரின் மாடி அறையில் நான் பார்த்த மிஷினை எடுத்துக்கொள்வோம். ஹெட்டில் சிம்ப்ளெக்ஸ் என்ற பெயரும், அடியில் நியூயார்க்கின் இன்டர்நேஷனல் புரொஜக்டர் கார்ப்பரேஷன் என்ற பெயரும் இருந்தன. ‘தி கிரேட் டிரெய்ன் ராபரி’ படத்தை எடுத்த எட்வின் போர்ட்டர் பங்கெடுத்து உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் 1911 வாக்கில் விற்பனைக்கு வந்தது. அந்தக் கார்ப்பரேஷன் தொடங்கியது 1925இல். எனவே இந்தத் தலை 1925க்கு முந்தையதல்ல. எவ்வளவு பிந்தையது என்பதை ஷட்டரைக் கேட்க வேண்டும்.

ஷட்டர் ஏன் முக்கியம் என்றால், பிலிம் ஓடுகிற விதம் அப்படி. திரையில் படம் ஓடுவதுபோல் தெரிந்தாலும், கேட்டுக்குள் பிலிம் நொடிக்கு 24 தடவை நின்று நின்றுதான் நகர்கிறது. அந்த வேலையைச் செய்வது மால்டீஸ் கிராஸ் என்னும் சிலுவை வடிவச் சிறு எஃகுத் துண்டு. அதில் நான்கு பிளவுகள். பக்கத்தில் சுற்றும் கேமில் ஒரு முனை துருத்திக்கொண்டிருக்கும். கேம் ஒரு முழுச் சுற்று வரும்போது அந்த முனை ஒரு பிளவுக்குள் புகுந்து சிலுவையைக் கால் சுற்று திருப்பிவிட்டு வெளியேறும். மீதி நேரம் சிலுவை அசையாமல் பூட்டிக்கிடக்கும். சிலுவையின் தண்டிலேயே 16 பல் கொண்ட ஸ்ப்ராக்கெட் இருப்பதால், கால் சுற்றுக்கு 4 பல், அதாவது பிலிமில் 4 துளை, சரியாக ஒரு பிரேம். கேம் நிமிஷத்துக்கு 1,440 சுற்று. பிலிம் நகரும் நேரத்தில் வெளிச்சம் திரைக்குப் போனால் படம் கோடு கோடாக இழுபடும். அதை மறைக்கத்தான் ஷட்டர்.

பழைய சிம்ப்ளெக்ஸில் ஷட்டர் லென்ஸுக்கு முன்னால் சுழன்றது. அப்போது வெளிச்சம் முழு நேரமும் பிலிமைச் சுட்டுக்கொண்டிருக்கும். 1930 வாக்கில் ஷட்டரை லேம்ப் ஹவுஸுக்கும் கேட்டுக்கும் நடுவே கொண்டுவந்தார்கள். பிலிம் மேல் விழும் சூட்டில் பாதிக்குப் பாதி குறைந்தது. டெல்டா மிஷினில் ஷட்டர் பின்னால்தான் இருந்தது. ஆனால் முன்பக்கம், லென்ஸ் அருகே, தண்டு வெளிவரும் துளை ஒன்று தகடு வைத்து மூடப்பட்டிருந்தது. ஆக, முன் ஷட்டரோடு பிறந்து, பிற்பாடு பின் ஷட்டருக்கு மாற்றப்பட்ட உடல் அது. இந்த ஒரு மூடிய துளையை வைத்து, தலை 1920களின் பின்பாதியைச் சேர்ந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். தமிழில் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ வந்தது 1931இல். இந்தத் தலை அதற்கும் மூத்தது. ஷட்டரில் எத்தனை இலை என்பதும் ஒரு தடயம். 24 பிரேமுக்கு இரண்டு இலை போதும். ஊமைப்பட வேகம் குறைவு என்பதால், திரை மினுங்காமல் இருக்க அப்போது மூன்று இலை போட்டார்கள்.

இனி லேம்ப் ஹவுஸ். கூரையை நோக்கிப் புகைபோக்கி, பக்கவாட்டில் கறுப்புக் கண்ணாடி போட்ட சிறு ஜன்னல், உள்ளே குழி ஆடி இவையெல்லாம் இருந்தால் அது கார்பன் ஆர்க் காலத்துப் பெட்டி. இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே மின்சாரம் தாவி எரிந்ததுதான் அன்றைய சினிமா வெளிச்சம். குச்சி தேயத் தேய இடைவெளி கூடும். ஆபரேட்டர் திருகி நெருக்க வேண்டும், அல்லது சின்ன மோட்டார் அதைச் செய்யும். மிகப் பழைய பெட்டிகளில் குழி ஆடி இராது. குச்சிகள் செங்குத்தாக நிற்கும், வெளிச்சத்தைக் குவிக்க முன்னால் தடித்த கண்டென்சர் லென்ஸ் இருக்கும். ஆடியும் படுக்கைவாட்டுக் குச்சிகளும் 1920களில் பரவின.

ஸெனான் பல்பு ஜெர்மனியில் 1950களின் நடுவில் சினிமாவுக்கு வந்தது. நம் சிற்றூர்களுக்கு வந்து சேர வெகு காலம் பிடித்தது. ஸெனான் பெட்டியில் பல்பு எரிந்த மணிக்கணக்கைக் காட்டும் மீட்டர், பற்றவைக்கும் இக்னைட்டர், காற்று இழுக்கும் விசிறி ஆகியவை இருக்கும். டெல்டா மிஷினில் இவை எல்லாமே இருந்தன. கூடவே புகைபோக்கியும் கறுப்புக் கண்ணாடியும் இருந்தன. பெட்டியின் அடித்தட்டைத் துடைத்தபோது கடுகளவில் செம்பு மணிகள் உருண்டன. கார்பன் குச்சிக்கு மேலே பூசிய செம்பு உருகிச் சொட்டியவை அவை. ஆர்க் பெட்டிக்குள்ளேயே ஸெனான் பல்பைப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சவுண்ட் ஹெட்டில் எக்ஸைட்டர் பல்பு இருந்த இடத்தில் சிவப்பு எல்.இ.டி. இருந்தது. நீலப்பச்சைச் சாயத்தில் ஒலித்தடம் அச்சிட்ட பிரிண்டுகளுக்காக 1990களின் கடைசியிலிருந்து செய்த மாற்றம் இது. மிஷினில் நடந்த கடைசிப் பெரிய செலவும் அதுவாகத்தான் இருக்கும்.

ஆக, ஒரே ஸ்டாண்டில் ஏறத்தாழ எழுபது வருஷம். இதற்கு ‘1928 மாடல்’ என்று சீட்டு எழுதி ஒட்டி விற்பது வாங்குகிறவரை ஏமாற்றுவது.

ஓட வைக்கலாமா என்ற கேள்விக்கு, அந்தத் தியேட்டரில் வேலை பார்த்த பெரியவர் சொன்னதே சரியான தொடக்கம். “வெளிச்சத்தை எப்ப வேணாலும் மாத்திக்கலாம் தம்பி. படம் குதிக்குதான்னு பாருங்க. குதிச்சா கிராஸ் போச்சுன்னு அர்த்தம்” என்றார். அதைப் பார்க்க பிலிம்கூடத் தேவையில்லை. மோட்டாரைத் தொடாமல், கைப்பிடிக் குமிழால் மெதுவாகச் சுற்றி, சிலுவை பூட்டிய நிலையில் நிறுத்த வேண்டும். பிறகு அந்த ஸ்ப்ராக்கெட்டை விரல்களால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். அசையவே கூடாது. மயிரிழை ஆட்டம் இருந்தாலும் அது திரையில் பல நூறு மடங்கு பெரிதாகி, படம் மேலும் கீழும் துள்ளும். அடுத்து சிலுவைப் பெட்டியின் எண்ணெயை வடித்து ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். கறுத்திருந்தால் கவலையில்லை, மினுமினுவென்று உலோகத் துகள் தெரிந்தால் உள்ளே தேய்மானம் உண்டு. ஸ்ப்ராக்கெட் பற்கள் ஒரு பக்கமாக வளைந்து கொக்கிபோல் ஆகியிருந்தால் பிலிமின் துளைகளைக் கிழிக்கும். பல மாடல்களில் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றித் திருப்பி மாட்டினால், தேயாத மறுபக்கம் வேலைக்கு வரும்.

பல வருஷம் கிடந்த மிஷினுக்குக் கரண்ட் கொடுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்கிற காரியம். பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும்; மோட்டார் இழுத்ததும் பைபர் பல்சக்கரத்தின் பற்கள் உதிரும். அந்தச் சக்கரம் இன்று கடையில் கிடைக்காது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, கையாலேயே சுற்றி, எல்லாம் தளர்ந்த பிறகு புது எண்ணெய் விடுவதே முறை.

வெளிச்சத்தைப் பழையபடி மீட்க ஆசைப்பட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கார்பன் குச்சி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அதன் புகை நச்சு. ஆர்க் பெட்டியின் உள்பூச்சிலும் ஒயர் உறையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதைச் சுரண்டுவது நுரையீரலுக்குக் கேடு. ஸெனான் பல்புக்குள் வாயு உயரழுத்தத்தில் அடைபட்டிருக்கும், எரியாமல் கிடக்கும்போதும்தான். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது. பெட்டியை அப்படியே வைத்துவிட்டு, உள்ளே குறைந்த வாட் எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினால் ஒரு அறையில் காட்டப் போதுமான வெளிச்சம் கிடைக்கும். பிலிம் நின்றாலும் எரியாது.

மிஷினோடு பெரும்பாலும் சில ரீல்களும் வரும். அவற்றை அதே மிஷினில் ஓட்டிப் பார்க்கும் ஆசைதான் மிகப் பெரிய ஆபத்து. முதலில் பிலிமின் ஓரத்தைப் பாருங்கள். ‘சேப்டி’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால் அது அசிட்டேட் வகை. ‘நைட்ரேட்’ என்றிருந்தாலோ, ஓரத்தில் எதுவுமே இல்லாமல் படம் 1950களின் தொடக்கத்துக்கு முந்தையதாக இருந்தாலோ, அது சட்டென்று தீப்பற்றும் வகையாக இருக்கலாம். கோடக் அதன் உற்பத்தியை நிறுத்தியது 1951 வாக்கில்தான். துண்டு வெட்டிக் கொளுத்திச் சோதிக்காதீர்கள். அசிட்டேட் பிலிம் கெடும்போது வினிகர் நாற்றம் அடிக்கும். அந்த அமிலம் பக்கத்து ரீலையும் கெடுக்கும் என்பதால் உடனே பிரித்து வைக்க வேண்டும்.

சுருக்கத்தை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு பிரேமின் உயரம் 19 மில்லிமீட்டர். 100 பிரேமுக்கு 1,900 மில்லிமீட்டர். பழைய பிலிமில் 100 பிரேம் எண்ணி, மேசையில் தளர்வாக விரித்து அளந்தால், 19 மில்லிமீட்டர், அதாவது ஒரு பிரேம் குறைந்தால், ஒரு சதவீதம் சுருங்கிவிட்டது. அந்த பிலிமின் துளையும் ஸ்ப்ராக்கெட் பல்லும் இனி பொருந்தா, ஓட்டினால் கிழியும். வண்ணப் பிரிண்ட் முழுக்கச் செம்மை பாய்ந்திருந்தால் நீலப்பச்சைச் சாயம் போய்விட்டது. 1980களுக்கு முந்தைய ஈஸ்ட்மன்கலரில் இது சகஜம். அப்படியிருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். பழைய தமிழ்ப் படங்கள் பலவற்றுக்கு நெகட்டிவ் இல்லை. எங்கோ ஒரு பெட்டியில் கிடக்கும் பிரிண்டே கடைசிப் பிரதியாக இருக்கலாம்.

மீட்பது லாபமா என்றால், சிலுவை நன்றாக இருக்கும் தலையைச் சுத்தம் செய்து ஓட வைப்பது தாராளமாகச் செய்யத்தக்கது. சிலுவை போன மிஷினில், அதே மாடலின் இன்னொரு தலை கையில் இல்லாதபோது பணம் போடாதீர்கள், காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் புது பெயின்ட் அடிக்காதீர்கள், மூடிய துளைகளையும் பிந்தைய மாற்றங்களையும் அழிக்காதீர்கள். மிஷினின் வயதைச் சொல்வது அவைதான். கூட வந்த ரீல்களை மட்டும் புரொஜக்டரில் ஏற்றாமல், ஓரத்தில் உள்ள எழுத்துகளையும் தெரிகிற சில பிரேம்களையும் படம் பிடித்து, முதலில் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.